எஸ்ஐபி யூனிட்டுகளை விற்றால் லாபம் எவ்வளவு? ஃபிஃபோ முறையில் தவணை தவணையாகக் கணக்குப் போடும் முழு வழிகாட்டி

மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் எஸ்ஐபி போட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் எடுக்கிறீர்கள். செயலியில் ‘சராசரி வாங்கிய விலை’ என்று ஒரு எண் இருக்கிறது, ஒரு யூனிட்டின் இன்றைய விலையான என்ஏவியும் இருக்கிறது. இரண்டையும் கழித்து, விற்ற யூனிட்டுகளால் பெருக்கி, இதுதான் லாபம் என்று பலரும் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். வருமான வரிக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனி கொள்முதல், தனி தேதி, தனி விலை. விற்கும்போது முதலில் வாங்கியது முதலில் வெளியே போகும். இதைத்தான் ஃபிஃபோ என்கிறோம். எந்தத் தவணையின் யூனிட்டுகள் போகட்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. டீமேட்டில் இருக்கும் யூனிட்டுகளுக்கு வருமான வரிச் சட்டமே இந்த வரிசையைச் சொல்கிறது. டீமேட் இல்லாமல் ஃபோலியோவில் இருப்பவற்றுக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் போன்ற பதிவாளர்கள் இதே வரிசையில்தான் யூனிட்டுகளைக் கழித்து அறிக்கை தருகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிட்டால் மொத்த லாபம் எந்த முறையில் போட்டாலும் ஒன்றுதான், குறுகிய காலம் எவ்வளவு நீண்ட காலம் எவ்வளவு என்று பிரிக்க மட்டுமே தவணைவாரிக் கணக்கு வேண்டும். பாதியை எடுக்கும்போதுதான் சிக்கல் முழுசாக வரும். அதனால் இங்கே ஈக்விட்டி ஃபண்ட் ஒன்றில் பாதியில் பணம் எடுக்கும் ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்போம். என்ஏவிகள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வரி விகிதங்களும் விதிகளும் நிஜமானவை.

முதலில் பரிவர்த்தனைப் பட்டியலை எடுங்கள்

செயலியின் திரையை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்குப் பதிவான மின்னஞ்சலைக் கொடுத்து, எல்லா ஃபண்டுகளுக்கும் சேர்ந்த ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். கேட்கும்போது சுருக்க அறிக்கை வேண்டாம், விரிவான அறிக்கையைத் தேர்ந்தெடுங்கள், தொடக்கத் தேதியை முதல் தவணைக்கு முன்னால் போகிற மாதிரி வையுங்கள். இதைத் தவறவிட்டால் பழைய தவணைகள் எல்லாம் ‘தொடக்க இருப்பு’ என்று ஒற்றை வரியில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியதே அந்த வரிக்குள் ஒளிந்திருக்கும் விவரம்தான்.

அந்த அறிக்கையில் ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, யூனிட், என்ஏவி நான்கும் இருக்கும். தேதி விஷயத்தில் ஒரு கவனம். எஸ்ஐபி 5ஆம் தேதி என்று நீங்கள் வைத்திருக்கலாம், ஆனால் 2021 பிப்ரவரி 1 முதல் பணம் ஃபண்டின் கணக்குக்கு வந்துசேர்ந்து பயன்படுத்தக்கூடிய நிலைக்கு வந்த நாளின் என்ஏவிதான் கிடைக்கும். விடுமுறை குறுக்கே வந்தாலோ வங்கியிலிருந்து பணம் போகத் தாமதமானாலோ யூனிட் ஒதுக்கப்படும் தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும். வைத்திருந்த காலத்தை எண்ணுவதற்கு அறிக்கையில் இருக்கும் ஒதுக்கீட்டுத் தேதியை எடுங்கள், வங்கிப் புத்தகத்தில் பணம் கழிந்த தேதியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, 2020 ஜூலை 1 முதல் ஒவ்வொரு வாங்குதலிலும் 0.005 சதவீதம் ஸ்டாம்ப் டியூட்டி போகிறது. 10,000 ரூபாய் தவணை என்றால் 50 காசு. மீதி 9,999 ரூபாய் 50 காசுக்குத்தான் யூனிட் கிடைக்கும். அறிக்கையில் யூனிட்டை என்ஏவியால் பெருக்கினால் சரியாக 10,000 வராமல் லேசாக இடிப்பதற்கு இதுவே காரணம், பதற வேண்டியதில்லை. கீழே வரும் கணக்கு தெளிவாக இருக்கட்டும் என்று இந்த 50 காசை ஒதுக்கிவிடுகிறேன்.

தவணைக்குப் பணம் போகாமல் திரும்பிய மாதம் ஏதாவது இருந்தால், சில அறிக்கைகளில் யூனிட் வந்த மாதிரி ஒரு வரியும், அதை ரத்து செய்த மாதிரி கழித்தல் குறியோடு இன்னொரு வரியும் இருக்கும். இரண்டு வரிகளையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள். கழித்தல் வரியை ‘விற்பனை’ என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பிறகு வரிசை முழுக்க ஒரு தவணை நகர்ந்துவிடும், அதுவும் கண்ணில் படாமல் நகரும்.

வரிசை எதற்குள் ஓடுகிறது

ஃபிஃபோ உங்கள் மொத்த முதலீட்டுக்கும் சேர்த்து ஓடுவதில்லை. ஒரு ஃபோலியோவுக்குள், ஒரு திட்டத்துக்குள்தான் ஓடும். அதே ஃபண்டின் டைரக்ட் பிளான் வேறு, ரெகுலர் பிளான் வேறு. குரோத் வேறு, லாபத்தை அவ்வப்போது பிரித்துத் தரும் ஐடிசிடபிள்யூ வேறு. ஒரே திட்டத்தில் இரண்டு ஃபோலியோ இருந்தால் இரண்டு தனி வரிசைகள், நீங்கள் எந்த ஃபோலியோவிலிருந்து விற்றீர்களோ அந்த வரிசை மட்டும்தான் நகரும். எந்தத் தவணை போகட்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது என்று சொன்னேன் அல்லவா, எந்த ஃபோலியோவிலிருந்து எடுப்பது என்பதை மட்டும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள்.

ஒரே ஃபோலியோவில் எஸ்ஐபியோடு நடுவில் மொத்தமாகவும் ஒரு தொகை போட்டிருந்தால், அதுவும் அதன் தேதிப்படி வரிசைக்குள் வந்து உட்காரும். ‘எஸ்ஐபி யூனிட்டை மட்டும் விற்றேன்’ என்று சொல்ல வழியில்லை.

கணக்கைப் போடுவோம்

2024 பிப்ரவரி முதல் 2025 ஏப்ரல் வரை மாதம் 10,000 ரூபாய், மொத்தம் 15 தவணை, 1,50,000 ரூபாய் முதலீடு. அதற்குப் பிறகு எஸ்ஐபி நிறுத்தியாயிற்று. கையில் 3,125 யூனிட். சராசரி விலை 48 ரூபாய். 2025 மே 20 அன்று என்ஏவி 55 ரூபாயாக இருக்கும்போது 1,200 யூனிட்டை விற்கிறோம். ஒரு வருடத்துக்குள் விற்றால் ஃபண்ட் பிடித்துக்கொள்ளும் வெளியேறும் கட்டணம், அதாவது எக்ஸிட் லோடு, 1 சதவீதம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பல ஈக்விட்டி ஃபண்டுகளில் இப்படித்தான் இருக்கும். உங்கள் ஃபண்டின் விதியைத் திட்ட ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1,200 யூனிட்டை முதல் தவணையிலிருந்து எடுத்துக்கொண்டே வர வேண்டும், தீரும்வரை. பிப்ரவரியில் 250, மார்ச்சில் 238.095, ஏப்ரலில் 232.558, மேயில் 227.273. இதுவரை 947.926. ஜூன் தவணையின் 222.222ஐச் சேர்த்தால் 1,170.148. இன்னும் 29.852 தேவை. அது ஜூலை தவணையில் இருந்து வரும். ஜூலையில் வாங்கியது 200 யூனிட், அதில் 29.852 மட்டும் போகிறது, 170.148 மீதி நிற்கிறது.

| வாங்கிய தேதி | என்ஏவி | விற்ற யூனிட் | கிடைத்த விலை | லாபம் (ரூ.) |
|---|---|---|---|---|
| 05-02-2024 | 40 | 250.000 | 55.00 | 3,750 |
| 05-03-2024 | 42 | 238.095 | 55.00 | 3,095 |
| 05-04-2024 | 43 | 232.558 | 55.00 | 2,791 |
| 06-05-2024 | 44 | 227.273 | 55.00 | 2,500 |
| 05-06-2024 | 45 | 222.222 | 54.45 | 2,100 |
| 05-07-2024 | 50 | 29.852 | 54.45 | 133 |

கடைசி இரண்டு வரியில் கிடைத்த விலை 54.45 ஆனது எக்ஸிட் லோடால். 55 ரூபாயில் 1 சதவீதம் 55 காசு, அதைக் கழித்தால் 54.45. எக்ஸிட் லோடும் இதே ஃபிஃபோ வரிசையில்தான் பார்க்கப்படுகிறது. முதல் நான்கு தவணைகள் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டதால் அவற்றுக்கு லோடு இல்லை. லாபக் கணக்கில் லோடு கழிந்த விலையையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் கைக்கு வந்தது அவ்வளவுதான்.

விற்கும்போது 0.001 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, ஒன்று பிடிப்பார்கள். இங்கே அது ஒரு ரூபாய்க்கும் கீழே. தொகை எவ்வளவாக இருந்தாலும் லாபத்திலிருந்து எஸ்டிடியைக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் வங்கியில் வந்த பணத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு லாபம் கண்டுபிடிக்காதீர்கள், எப்போதும் யூனிட்டையும் விலையையும் வைத்தே போடுங்கள்.

குறுகிய காலம், நீண்ட காலம்

ஈக்விட்டி ஃபண்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட கால லாபம், அதற்குள் விற்றால் குறுகிய கால லாபம். இந்தக் கேள்வியை ஒவ்வொரு தவணையிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘எஸ்ஐபி ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி எல்லாமே நீண்ட காலம்தான்’ என்று நினைப்பது பரவலான தவறு. ஆரம்பித்து ஒரு வருடம் ஆன அன்று நீண்ட காலத்துக்குள் வருவது முதல் தவணை மட்டும். அடுத்தடுத்த மாதம் அடுத்தடுத்த தவணை.

நம் கணக்கில் 2025 மே 20 அன்று பார்த்தால் 2024 மே 6 வரை வாங்கியவை நீண்ட காலம். அந்த நான்கு வரிகளின் லாபம் 12,136 ரூபாய். ஜூன், ஜூலை தவணைகள் குறுகிய காலம், 2,233 ரூபாய். மொத்தம் 14,369.

2024 ஜூலை 23 முதல் விற்றவற்றுக்கு, ஈக்விட்டி ஃபண்டின் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம், நீண்ட கால லாபத்துக்கு 12.5 சதவீதம். நீண்ட கால லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை. அந்த 1.25 லட்சம் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாகக் கிடைப்பதல்ல, உங்கள் பங்குகள், எல்லா ஈக்விட்டி ஃபண்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். இந்த வருடம் வேறு விற்பனை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 12,136க்கு வரி சுழியம். 2,233க்கு 20 சதவீதம் 446 ரூபாய் 60 காசு, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து சுமார் 464 ரூபாய்.

தொகை சிறியது என்று தோன்றலாம். ஆனால் அந்த 464 ரூபாய் வரியும் சுமார் 139 ரூபாய் எக்ஸிட் லோடும் வந்தது கடைசி 252.074 யூனிட்டால் மட்டும்தான். 947.926 யூனிட்டோடு நிறுத்தியிருந்தால் இரண்டுமே இல்லை. ஜூன் தவணையும் பதினேழு நாள் பொறுத்திருந்தால் நீண்ட காலத்துக்குள் வந்திருக்கும். உங்கள் எஸ்ஐபி 50,000 ரூபாயாக இருந்தால் இதே எண்களை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். அதனால் பணம் எடுப்பதற்கு முன்னாலேயே இந்தப் பட்டியலைப் போட்டு, எந்த யூனிட் வரைக்கும் போனால் எல்லை தாண்டும் என்று பார்த்துவிடுவது நல்லது. விற்கும் இடத்தில் ‘தொகை’ என்று கொடுக்காமல் ‘யூனிட்’ என்று கொடுங்கள். தொகை கொடுத்தால் அன்றைய என்ஏவி கொஞ்சம் இறங்கினாலும் கூடுதல் யூனிட் போய் அடுத்த தவணையைத் தொட்டுவிடும். எல்லையில் இருக்கும் தவணையைச் சரியாக ஒரு வருடம் முடிகிற அன்றே விற்கவும் வேண்டாம். சட்டம் கேட்பது 12 மாதத்துக்கு ‘மேல்’. இரண்டு மூன்று நாள் கழித்து விற்றால் வாதத்துக்கே இடமில்லை.

சராசரி விலையில் போட்டால் என்ன ஆகும்

ஆரம்பத்தில் சொன்ன சராசரி முறையில் இதே விற்பனையைப் போட்டுப் பாருங்கள். எக்ஸிட் லோடை விட்டுவிட்டால், 1,200 யூனிட், 55இலிருந்து 48ஐக் கழித்தால் 7, ஆக 8,400 ரூபாய் லாபம். ஃபிஃபோவில் லோடு கழிக்காத லாபம் 14,507. ஆறாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். விலை ஏறிக்கொண்டே வந்த ஃபண்டில் பழைய தவணைகள்தான் மலிவானவை, அவைதான் முதலில் போகின்றன, அதனால் ஆரம்ப விற்பனைகளில் லாபம் அதிகமாகத் தெரியும்.

இந்த வித்தியாசம் எங்கேயும் காணாமல் போவதில்லை. மீதி 1,925 யூனிட்டின் வாங்கிய விலை இப்போது 1,50,000இலிருந்து 51,493 போக 98,507 ரூபாய். யூனிட்டுக்கு 51 ரூபாய் 17 காசு. அதாவது விற்றதற்குப் பிறகு கையில் இருக்கும் யூனிட்டுகளின் சராசரி விலை 48இலிருந்து ஏறிவிட்டது. இதைச் செயலியில் பார்த்து ‘புதிதாக ஒன்றும் வாங்கவில்லையே, எப்படி ஏறியது’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. மலிவானவை போய்விட்டன, அவ்வளவுதான் காரணம்.

இதிலேயே ஒரு சரிபார்ப்பும் கிடைக்கிறது. விற்பதற்கு முன் மொத்த லாபம் 3,125ஐ 55ஆல் பெருக்கி 1,50,000ஐக் கழித்தால் 21,875. விற்றதில் 14,507, மீதியில் இன்னும் எடுக்காத லாபம் 1,925ஐ 55ஆல் பெருக்கி 98,507ஐக் கழித்தால் 7,368. இரண்டையும் கூட்டினால் அதே 21,875 வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு தவணை விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது.

இரண்டாவது முறை விற்கும்போது

தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். அடுத்த விற்பனை மறுபடியும் 2024 பிப்ரவரியிலிருந்து ஆரம்பிப்பதில்லை, ஆகஸ்டிலிருந்தும் இல்லை. ஜூலை தவணையில் மீதி நின்ற 170.148 யூனிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தேதி அதே 2024 ஜூலை 5, விலை அதே 50. மீதித் துண்டை மறந்துவிட்டு அடுத்த மாதத்துக்குத் தாவினால் லாபமும் மாறும், சில சமயம் குறுகிய காலமா நீண்ட காலமா என்பதும் மாறும்.

மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் எஸ்டபிள்யூபி, ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஸ்விட்ச், அந்த மாற்றத்தையே மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் எஸ்டிபி, எல்லாமே இந்த வரிசையை நகர்த்தும் விற்பனைகள்தான். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதும் விற்பனைதான், பணம் உங்கள் வங்கிக்கு வராவிட்டாலும் சரி. மாறிய பிறகு புதிய திட்டத்தில் தேதி புதிதாக ஆரம்பிக்கும். பழைய திட்டத்தில் வைத்திருந்த காலம் அங்கே கணக்கில் வராது.

விற்பனை நிறைய இருந்தால் விரிதாளில் போட்டுவிடுங்கள். A நெடுவரிசையில் தேதி, Bயில் தொகை, Cயில் யூனிட், Dயில் என்ஏவி. முதல் வரி தலைப்பு. H1இல் விற்ற யூனிட், H2இல் கிடைத்த விலை, H3இல் விற்ற தேதி. இரண்டாவது வரியில் E, F, G மூன்றிலும் முறையே இவற்றைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
=MAX(0, MIN(C2, $H$1 - SUM(C$1:C1)))
=E2*($H$2 - D2)
=IF($H$3 > EDATE(A2,12), "நீண்ட", "குறுகிய")
```

முதல் சூத்திரம் அந்தத் தவணையிலிருந்து எத்தனை யூனிட் போனது என்று சொல்லும். தனக்கு மேலே இருக்கும் தவணைகளின் யூனிட்டைக் கழித்துவிட்டு, மீதி தேவைப்படுவதை மட்டும் எடுக்கும். தேவை தீர்ந்ததும் சுழியம் காட்டும். பட்டியல் தேதி வரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். எக்ஸிட் லோடு உள்ள வரிகளில் $H$2க்குப் பதில் லோடு கழித்த விலையைக் கையால் மாற்றிவிடுங்கள். இரண்டாவது விற்பனைக்கு, H1இல் இதுவரை விற்ற எல்லா யூனிட்டையும் சேர்த்துக் கொடுத்து, வரும் E எண்ணிலிருந்து முந்தைய விற்பனையின் E எண்ணைக் கழித்தால் இந்த முறை போன யூனிட் கிடைக்கும், லாபத்தை F நெடுவரிசையிலிருந்து எடுக்காமல் அந்த யூனிட்டை வைத்தே போடுங்கள்.

2018 ஜனவரி 31க்கு முந்தைய தவணைகள்

நீண்ட நாளாக எஸ்ஐபி ஓடுகிறவர்கள் விற்றால் முதலில் வெளியே வருவது இந்தப் பழைய தவணைகள்தான், அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய ஈக்விட்டி யூனிட்டுகளுக்கு, அந்த நாள்வரை ஏறிய லாபத்துக்கு வரி கிடையாது. அதை இரண்டு படியாகக் கணக்கிட வேண்டும். 2018 ஜனவரி 31ஆம் தேதி என்ஏவியையும் விற்ற விலையையும் பார்த்து, எது குறைவோ அதை எடுங்கள். அதை வாங்கிய விலையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதுவே உங்கள் வாங்கிய விலை.

2016இல் 20 ரூபாய்க்கு வாங்கியது, 2018 ஜனவரி 31இல் 32, இப்போது 55க்கு விற்றது என்றால், 32, 55 இரண்டில் குறைவு 32, அதை 20உடன் ஒப்பிட்டால் அதிகம் 32. ஆக லாபம் 23. 35 ரூபாய் என்று எழுதினால் தேவையில்லாமல் வரி கட்டுவீர்கள். அதே யூனிட்டை 28க்கு விற்றிருந்தால் 32, 28 இரண்டில் குறைவு 28, அது 20ஐவிட அதிகம், ஆக வாங்கிய விலை 28, லாபம் சுழியம். 32 என்று வைத்து 4 ரூபாய் நஷ்டம் காட்ட முடியாது.

கடன் ஃபண்டுகள் என்றால்

கடன் ஃபண்டில் வரிசை அதேதான், வரி வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய தவணைகளுக்கு எத்தனை வருடம் வைத்திருந்தாலும் குறுகிய கால லாபம்தான், உங்கள் வருமான வரம்பின் விகிதத்தில் வரி. அதற்கு முன் வாங்கியவற்றை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து 2024 ஜூலை 23 அல்லது அதற்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம், பணவீக்கச் சரிகட்டல் கிடையாது. 2023 மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் பட்டியலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எஸ்ஐபி அந்தக் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் ஒரே விற்பனையில் இரண்டு வகை வரியும் வரும்.

வரிசேமிப்பு இஎல்எஸ்எஸ் ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் அதன் தேதியிலிருந்து 3 வருடப் பூட்டு. பூட்டு திறந்த தவணைகளைத்தான் விற்க முடியும், அதனால் அங்கே விற்பது எல்லாமே நீண்ட காலத்துக்குள்தான் வரும்.

நஷ்டத் தவணைகளை விட்டுவிடாதீர்கள்

சந்தை உச்சத்தில் வாங்கிய சில தவணைகள் விற்கும்போது நஷ்டத்தில் இருக்கலாம். அவற்றைச் சுழியம் என்று எழுதாமல் கழித்தல் எண்ணாகவே எழுதுங்கள். குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய, நீண்ட கால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். அந்த வருடம் கழிக்க லாபம் இல்லையென்றால் அடுத்த 8 மதிப்பீட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

படிவத்தில் எழுதுவதற்கு முன்

எந்த நிதியாண்டு என்பதை விற்பனைக்கு என்ஏவி பொருந்திய தேதி முடிவு செய்கிறது. மார்ச் கடைசியில் மாலை 3 மணிக்குள் விற்க உத்தரவு கொடுத்து அன்றைய என்ஏவி கிடைத்திருந்தால், பணம் ஏப்ரலில் வந்தாலும் அது முடிந்த நிதியாண்டின் லாபம்.

கேம்ஸும் கேஃபின்டெக்கும் மூலதன ஆதாய அறிக்கை என்று தனியாகவே ஒன்று தருகிறார்கள், தவணைவாரியாக, ஃபிஃபோப்படி. இரண்டு பதிவாளர்களிடமும் ஃபண்ட் இருந்தால் இரண்டிடமிருந்தும் எடுக்க வேண்டும். உங்கள் பட்டியலை அதோடு ஒப்பிடுங்கள். ஸ்டாம்ப் டியூட்டியாலும் தசமத்தாலும் சில காசு, சில ரூபாய் மாறலாம். நூற்றுக்கணக்கில் மாறினால் பெரும்பாலும் காரணம் ஒரு தவணை விடுபட்டது, அல்லது மேலே சொன்ன ரத்துப் பதிவு, அல்லது பழைய யூனிட்டுக்கு 2018 விலையைப் போடாதது.

வருமான வரித் தளத்தில் இருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும், அதாவது ஏஐஎஸ்ஸிலும், இந்த விற்பனை வந்திருக்கும். அங்கே வாங்கிய விலை சில நேரம் காலியாகவோ வேறாகவோ இருக்கும். விற்ற தொகையும் யூனிட்டும் உங்கள் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்து, வாங்கிய விலை தவறாக இருந்தால் அங்கேயே கருத்துப் பதிவு செய்துவிடுங்கள். படிவத்தில் பதிவாளர் அறிக்கையின்படி சரியான எண்ணைப் போடுங்கள்.

2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஈக்விட்டி நீண்ட கால லாபம் 1.25 லட்சத்துக்குள் மட்டும் இருந்து, கொண்டுவந்த நஷ்டம் எதுவும் இல்லை என்றால், மற்ற தகுதிகளும் இருப்பவர்கள் ஐடிஆர்-1இலேயே அதைக் காட்டலாம். நம் கணக்கில் 2,233 ரூபாய் குறுகிய கால லாபம் இருப்பதால் அது செல்லாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2 போட வேண்டும், அதில் நீண்ட கால லாபத்தை 112ஏ அட்டவணையிலும் குறுகிய கால லாபத்தை மூலதன ஆதாயப் பகுதியிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.